‘கஷ்டமா இருக்கு’... ஒரே சொல்லுக்குள் இத்தனை உணர்வுகளா? ஆதங்கம், ஏக்கம், மனத்தாங்கல், விரக்தி: வேறுபாடு என்ன?

வேலை போனாலும் ‘கஷ்டமா இருக்கு’. நெருங்கிய நண்பர் பேசாமல் போனாலும் ‘கஷ்டமா இருக்கு’. ஊர் ஞாபகம் வந்தாலும், பிள்ளை மதிப்பெண் குறைவாக வாங்கினாலும், வீட்டில் ஒருவர் இறந்தாலும் அதே ‘கஷ்டமா இருக்கு’தான். அதுவும் வரவில்லை என்றால் ‘ஃபீலிங்கா இருக்கு’, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று முடித்துவிடுகிறோம்.

இவை ஐந்தும் ஒரே உணர்வு அல்ல. அவற்றுக்கான ஆறுதலும் ஒன்றல்ல. வேலை போனவருக்குத் தேவை ஒரு வழி. துக்கத்தில் இருப்பவருக்குத் தேவை கூட உட்கார ஒரு ஆள். மனத்தாங்கலில் இருப்பவருக்குத் தேவை ஒரு விளக்கம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் சொல்லும்போது, கேட்பவருக்கு எதைக் கொடுப்பதென்று தெரிவதில்லை. ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை எப்படிப் பிரித்து எடுப்பது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

தொல்காப்பியம் காட்டும் வழி

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. மனதில் எழும் உணர்வு உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை அது சொல்கிறது. தமிழ் படித்த பலருக்கும் இந்தப் பட்டியல் பள்ளிக்கூட ஞாபகமாக இருக்கும்.

அடுத்து வருவதுதான் நமக்கு முக்கியம். ஒவ்வொரு மெய்ப்பாட்டையும் நான்கு நான்காக, மொத்தம் 32 ஆகப் பிரிக்கிறது தொல்காப்பியம். எதை வைத்துப் பிரிக்கிறது? கொஞ்சம் கோபம், நிறைய கோபம் என்று அளவை வைத்து அல்ல. உணர்வு எதனால் வந்தது என்ற காரணத்தை வைத்து.

அழுகையை எடுத்துக்கொள்வோம். அதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு காரணங்கள். இளிவு என்றால் பிறர் நம்மை இகழ்ந்ததால் வருவது. இழவு என்றால் உறவையோ பொருளையோ இழந்ததால் வருவது. அசைவு என்றால் முன்பிருந்த நல்ல நிலை கெட்டுத் தாழ்ந்ததால் வருவது. வறுமை என்றால் இல்லாமையால் வருவது. நாலு பேர் அழுகிறார்கள். நாலு கண்ணிலும் கண்ணீர்தான். ஆனால் அவமானப்பட்டவரின் அழுகையும் பறிகொடுத்தவரின் அழுகையும் வேறு வேறு என்கிறது அந்த நூல்.

இன்றைய ‘கஷ்டமா இருக்கு’வையும் இதே முறையில் பிரிக்க முடியும். முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும். ‘எவ்வளவு கஷ்டமா இருக்கு?’ என்று கேட்டால் ‘ரொம்ப’ என்ற பதில்தான் வரும். ‘எதனால கஷ்டமா இருக்கு?’ என்று கேட்டால்தான் சொல் வரும்.

மூன்று கேள்விகள், மூன்று அடையாளங்கள்

காரணத்தோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலான சொற்கள் பிரிந்துவிடும். எதனால்? யார் மேல்? அது வந்து போகிறதா, உள்ளே தங்கியிருக்கிறதா?

இதற்கெல்லாம் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. தமிழ் இலக்கணமே பாதி பதிலைச் சொல்லிவிடும். ஒரு சொல்லுக்கு முன்னால் எந்த உருபு வருகிறது, பின்னால் எந்த வினை வருகிறது என்று பார்த்தால் போதும்.

கோபம் ஒருவர் ‘மேல்’ வரும். ‘அவர் மேல கோபம்’ என்கிறோம். கவலை ஒன்றைப் ‘பற்றி’ வரும். ஏக்கம் ஒன்றை ‘நினைத்து’ வரும். மனஸ்தாபமோ ‘எங்களுக்குள்ள’ வரும், அதாவது இரண்டு பக்கம் இருந்தால்தான் அது இருக்க முடியும். உணர்வு எந்தத் திசையில் போகிறது என்பதை இந்தச் சின்னச் சின்னச் சொற்கள் காட்டிவிடுகின்றன.

வினையும் அப்படித்தான். கோபம் ‘வரும்’, பிறகு ‘தணியும்’. வன்மத்தை மனசில் ‘வைத்திருப்போம்’. அது தானாகத் தணியாது. ஆதங்கத்தைக் ‘கொட்டுவோம்’, ஏனென்றால் அது கேட்க ஒரு காது தேடும் உணர்வு. துக்கத்தை மற்றவர்கள் வந்து ‘விசாரிப்பார்கள்’, ஏனென்றால் அது ஊரே பங்குகொள்ளும் உணர்வு. யாரும் ‘எரிச்சல் விசாரிக்க’ப் போவதில்லை.

குழப்பிக்கொள்ளும் நான்கு ஜோடிகள்

*வருத்தமும் கவலையும்*

வருத்தம் நடந்துவிட்டதைப் பார்க்கிறது. கவலை நடக்கப்போவதைப் பார்க்கிறது. ‘மகன் தேர்வுல தோத்துட்டான்னு வருத்தமா இருக்கு’ என்றால் முடிவு வந்துவிட்டது. ‘மகன் தேர்வை நினைச்சா கவலையா இருக்கு’ என்றால் முடிவு இன்னும் வரவில்லை. கவலைப்படுபவரிடம் ‘விடுங்க, நடந்தது நடந்துபோச்சு’ என்று சொன்னால் அது பொருந்தாது. அவருக்கு இன்னும் எதுவும் நடக்கவே இல்லை.

வருத்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பொது வாழ்க்கையில் ஒருவர் ‘வருத்தம் தெரிவித்தார்’ என்று செய்தி வந்தால், அவர் ‘மன்னிப்புக் கேட்டார்’ என்று பொருள் அல்ல. நடந்தது தனக்கு மனக்கஷ்டத்தைத் தருகிறது என்று சொல்வது வருத்தம். நடந்ததில் தன் தவறு இருக்கிறது என்று ஏற்பது மன்னிப்பு. அறிக்கைகளில் இந்த இரண்டில் எது வருகிறது என்று கவனித்துப் பார்த்தால், பேசுபவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

*ஏக்கமும் ஆதங்கமும்*

இரண்டுமே கிடைக்காத ஒன்றைப் பற்றியவை. ஆனால் ஏக்கத்தில் குற்றச்சாட்டு இல்லை. வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர் பொங்கலன்று ஊரை நினைப்பது ஏக்கம். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஊர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆதங்கத்தில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. ‘கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை’ என்பதுதான் அதன் அடிநாதம். இருபது வருடம் உழைத்தவருக்குப் பதவி உயர்வு வராதபோது இருப்பது ஆதங்கம். ஊருக்கு வரவேண்டிய பாலம் வராமலே போனதைப் பற்றிப் பெரியவர் ஒருவர் பேசினால், அது ஏக்கம் அல்ல, ஆதங்கம். கோபத்தில் சண்டை போடும் தெம்பு இருக்கும். ஆதங்கத்தில் அது குறைந்து, சொல்லி ஆற்றிக்கொள்ளும் ஆசை மிஞ்சியிருக்கும்.

ஒரு சுவாரசியமான தகவல்: சமஸ்கிருதத்திலிருந்து வந்த இதே சொல் இந்தியில் ‘ஆதங்க்’ ஆகி, பயங்கரம் என்ற பொருளில் நிற்கிறது. அங்கே ‘ஆதங்க்வாதி’ என்றால் பயங்கரவாதி. தமிழில் அதே சொல் உள்ளுக்குள் புழுங்கும் ஒரு மனக்குறையாக மாறிவிட்டது.

*மனத்தாங்கலும் மனஸ்தாபமும்*

மனத்தாங்கல் ஒருவர் மனதுக்குள் இருப்பது. எதிராளிக்கு அது தெரியாமலே இருக்கலாம். நெருக்கமானவரிடம் எதிர்பார்த்த ஒன்று கிடைக்காதபோதுதான் அது வரும். தெரியாத ஆளிடம் நமக்கு மனத்தாங்கல் வருவதில்லை. பேருந்தில் இடித்துவிட்டுப் போனவர் மேல் வருவது எரிச்சல். அண்ணன் மேல் வருவது மனத்தாங்கல்.

மனஸ்தாபம் இருவருக்கும் இடையில் இருப்பது. பேச்சு குறைந்திருக்கும், போக்குவரத்து நின்றிருக்கும், ஊருக்கும் தெரிந்திருக்கும். மனத்தாங்கலைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது மனஸ்தாபமாகலாம் என்பதால், இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது வெறும் சொல் விளையாட்டு அல்ல.

*சலிப்பும் விரக்தியும்*

ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடந்தால் சலிப்பு. ‘சொல்லிச் சொல்லி சலிச்சுப்போச்சு’ என்கிறோம். அந்த விஷயம் மாறினால் சலிப்பும் போய்விடும். நான்கு நாள் விடுப்பு எடுத்தாலே பலருக்கு வேலைச் சலிப்பு குறையும்.

விரக்தி அப்படி அல்ல. எதுவும் மாறாது, மாறினாலும் பயனில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்ட நிலை அது. சமஸ்கிருதத்தில் விரக்தி என்றால் பற்றின்மை. துறவிக்கு அது உயர்ந்த குணம். இன்றைய தமிழில் அந்த அமைதி கழன்று, பிடிப்பு அற்றுப்போன வெறுமை மட்டும் நின்றுவிட்டது. வேலை பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் ‘விரக்தி’ என்று சொல்லிப் பழகினால், உண்மையில் விரக்தியில் இருப்பவர் சொல்லும்போது நம் காதில் அது ஏறாது.

உடம்பிலிருந்து வந்த சொற்கள்

காரணம் என்னவென்று தெளிவாகத் தெரியாத நேரங்களும் உண்டு. அதற்கும் தமிழில் வழி இருக்கிறது. உடம்பில் படும் ஒன்றை வைத்து மனதைச் சொல்லும் சொற்கள் அவை.

நாள் முழுக்க நின்றால் கால் உளையும். சுருக்கென்று குத்தும் வலி அல்ல அது. விடாமல் இருக்கும் வலி. மன உளைச்சல் என்பதும் அதுதான். நுகர்வோர் வழக்குகளில் ‘மன உளைச்சலுக்கு இழப்பீடு’ என்று வருவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு நாள் கோபத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. மாதக்கணக்கில் அலைந்ததற்குத்தான் பொருந்தும்.

காற்றே இல்லாத அறையில் இருப்பது புழுக்கம். வெளியே சொல்ல வழியில்லாமல் உள்ளேயே வேர்ப்பது மனப்புழுக்கம். வெடிப்பதற்கு முன் எரிமலை குமுறுவதுபோல அடக்கிவைத்த கோபமோ அழுகையோ உள்ளே கொதிப்பது குமுறல். புழுக்கத்தில் இருப்பவர் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். குமுறலில் இருப்பவர் எந்த நிமிடமும் வெடிக்கலாம்.

கண்ணில் விழுந்த தூசி உறுத்தும். நாம் செய்த ஒரு தவறு அப்படி மனதில் கிடந்தால் அது உறுத்தல். துணியைத் தடவும்போது ஓர் இடம் மட்டும் விரலில் நெருடும். எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் ஏதோ ஒன்று இடிக்கிறது என்றால் அது நெருடல். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று நாம் சொல்லும் பல இடங்களில் சரியான சொல் நெருடல்தான்.

தொண்டை வறண்டு தண்ணீருக்குத் தவிப்பதும், மருத்துவமனை வாசலில் தகவலுக்காகத் தவிப்பதும் ஒரே வினை. தேவைப்படுவது வரும்வரை உட்காரவும் முடியாது, போகவும் முடியாது. அதனால்தான் தவிப்பவரிடம் ‘அமைதியா இருங்க’ என்று சொல்வதால் பயனில்லை. கொஞ்சமாவது தகவல் கொடுப்பதுதான் உதவி.

ஓர் உதாரணம்: வாட்ஸ்அப்பில் வந்த பத்திரிகை

இதையெல்லாம் ஒரு குடும்பச் சூழலில் பொருத்திப் பார்க்கலாம். தம்பி புது வீடு கட்டியிருக்கிறார். கிரகப்பிரவேசப் பத்திரிகை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது, குடும்பக் குழுவில் எல்லோருக்கும் வந்ததுபோலவே. நேரில் யாரும் வந்து அழைக்கவில்லை. பால் காய்ச்ச உடன் பிறந்தவளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள் என்பது அந்த வீட்டு வழக்கம். அக்கா தன் கணவரிடம் ‘எனக்கு ஒரு மாதிரியா இருக்குங்க’ என்கிறார்.

இது என்ன உணர்வு? மூன்று கேள்விகளையும் கேட்போம்.

எதனால்? தம்பி வீடு கட்டியதாலா? இல்லை, அதில் அவருக்குச் சந்தோஷம்தான். எனவே இது பொறாமை இல்லை. நாலு பேர் முன்னால் யாராவது இகழ்ந்தார்களா? இல்லை. எனவே இன்னும் அவமானம் ஆகவில்லை. முறைப்படி அழைப்பார்கள் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. எனவே இதில் ஏமாற்றம் இருக்கிறது.

யார் மேல்? தம்பி மேல். இதே பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அவருக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. நெருக்கம் இருப்பதால்தான் வலிக்கிறது. எனவே வெறும் ஏமாற்றம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

வந்து போகிறதா, தங்கியிருக்கிறதா? மூன்று நாளாகியும் போகவில்லை. ஆனால் தம்பிக்கு இது தெரியாது. இருவருக்கும் பேச்சு நிற்கவும் இல்லை. எனவே மனஸ்தாபம் இல்லை.

கிடைத்த சொல் மனத்தாங்கல்.

இப்போது அந்தச் சொல் என்ன செய்கிறது என்று பாருங்கள். ‘எனக்கு உன் மேல கோபம்டா’ என்று அக்கா சொன்னால், ‘நான் என்னக்கா தப்பு பண்ணேன்? எல்லாருக்கும் அனுப்பின மாதிரிதானே அனுப்பினேன்?’ என்று தம்பி வாதாடத் தொடங்குவார். கோபம் என்ற சொல் ஒரு குற்றத்தைத் தேடும். ‘எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்டா தம்பி, நீ நேர்ல வந்து கூப்பிடுவேன்னு நினைச்சேன்’ என்றால், எதிர்பார்ப்பும் நெருக்கமும் அந்த ஒரே சொல்லில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. தம்பி செய்ய வேண்டியதும் தெளிவு: தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, ‘அக்கா, நீங்க வந்துதான் பால் காய்ச்சணும்’ என்று அழைக்க வேண்டும். வாதாட இடமே இல்லை.

சில நாள் கழித்து விழாவுக்குப் போன இடத்தில் அவரை யாரும் கண்டுகொள்ளாமல், இன்னொருவரைப் பால் காய்ச்ச அழைத்தால்? அப்போது காரணம் மாறிவிடுகிறது. அதன் பெயர் அவமானம். அதற்கு வெற்றிலைத் தட்டு போதாது.

பெயர் சொல்வதால் உண்மையில் பயன் உண்டா?

உணர்வுகளை நுணுக்கமாகப் பிரித்து அறியும் திறனை ‘எமோஷனல் கிரானுலாரிட்டி’ என்கிறார் அமெரிக்க உளவியலாளர் லிசா ஃபெல்ட்மேன் பேரட். எல்லாவற்றையும் நல்லது, கெட்டது என்ற இரண்டே பெட்டியில் போடுபவரைவிட, பிரித்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர் அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிப்பது எளிது என்பது அவரது கருத்து.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த மேத்யூ லீபர்மேன் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சி காட்டும் முகங்களின் படங்களைப் பார்த்தவர்களின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பயம் போன்ற உணர்வுகளில் பங்குவகிக்கும் அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது.

ஆனால் இதை ஒரு வைத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் படம் பார்ப்பதும், வீட்டில் கடன்காரர் வந்து நிற்பதும் ஒன்றல்ல. சரியான சொல், பிரச்னை எங்கே இருக்கிறது என்று காட்டும். பிரச்னையைத் தீர்ப்பது அதற்குப் பிறகான வேலை.

எங்கே தவறு நடக்கிறது?

முதல் தவறு, ஒரே பொருள் தரும் சொற்கள் என்ற பட்டியலை நம்புவது. துன்பம், துயரம், துக்கம், வருத்தம், வேதனை என்று ஒரே வரிசையில் படித்திருப்போம். ஆனால் மேலதிகாரி விடுப்பு தரவில்லை என்பதற்குத் ‘துயரம்’ என்று சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார். பட்டியலைவிட, ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல சோதனை. 1992-ல் முதலில் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ போன்ற அகராதிகள் சொல்லின் பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் தருவதால், இந்த வேலைக்கு அவை உதவும்.

இரண்டாவது தவறு, சின்ன விஷயத்துக்குப் பெரிய சொல். போக்குவரத்து நெரிசலில் வருவது கடுப்பு. அதை ‘ஆத்திரம்’ என்று நாமே சொல்லிக்கொண்டால், கண்மண் தெரியாமல் போகும் அளவுக்குக் கோபம் வந்ததாக ஆகிவிடும்.

மூன்றாவது, எல்லா ஊரிலும் ஒரே பொருள் என்று நினைப்பது. தமிழ்நாட்டில் ‘கவலையா இருக்கு’ என்றால் பெரும்பாலும் வரப்போவதைப் பற்றியது. இலங்கைத் தமிழர் பேச்சில் அதே சொல் நடந்துபோனதற்கான சோகத்தையும் குறிக்கும். தமிழில் ‘சங்கடம்’ என்றால் தர்மசங்கடம், அசௌகரியம். மலையாளத்தில் அது சோகம். எனவே கேட்பவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த ஒரு சொல்லை மட்டும் கடந்துவிடாதீர்கள்

வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் ‘கஷ்டமா இருக்கு’ என்று சொன்னால், ‘எதனால?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ‘இந்த மேனேஜர்தான்’, ‘இந்த வீட்டு வாடகைதான்’ என்று ஒரு பெயரோ பொருளோ வந்தால், அது எரிச்சலாகவோ கவலையாகவோ ஆதங்கமாகவோ இருக்கும். பேசித் தீர்க்க வழி உண்டு.

‘எதனாலன்னு தெரியல’, ‘எதுலயும் பிடிப்பு இல்ல’, ‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்ற பதில்கள் வந்தால், வாரக்கணக்கில் அதே பதில் தொடர்ந்தால், அது சலிப்பு அல்ல. சரியான சொல்லைத் தேடுவதை அங்கே நிறுத்திவிட்டு, அந்த நபரைத் தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐயும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணையும் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று தொடங்கினாலே போதும். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.